முதலில் கேட்பதா, சொல்லிவிடுவதா?

"பிள்ளைக்குக் காய்ச்சல், பாராசிட்டமோல் எத்தனை மில்லி கொடுக்கலாம்?" என்று தாயார் ஒருவர் மருந்தகத்திற்குத் தொலைபேசியில் கேட்கிறார். இங்கே ஊகம் ஆகாது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. 10 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்றால், முதல் புட்டியில் அது ஏறத்தாழ 6 மில்லி. அதே 6 மில்லியை மற்றப் புட்டியிலிருந்து ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். எடையையும் புட்டியில் எழுதியிருப்பதையும் கேட்காமல் அளவு சொல்லக் கூடாது.

"சாப்பிடாமல் கொடுக்கலாமா?" என்றால் அப்படியில்லை. "உங்கள் கையில் இருப்பது பாராசிட்டமோல் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், கொடுக்கலாம். ஐபுப்ரோஃபென் என்றால் சாப்பிட்ட பிறகு கொடுங்கள்." புட்டி தாயார் கையில்தானே இருக்கிறது, அவரே பார்த்துக்கொள்வார். ஆனால், அந்த முதல் வாக்கியம் பதிலுக்கு முன்பே வர வேண்டும். "கொடுக்கலாம்" என்று கேட்டதுமே பலர் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள்.