அக்காவின் செல்டா, தம்பியின் செல்டா

நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' கேமைத் திறந்தால், விளையாடப்போவது யார் என்று திரை கேட்கும். அக்காவின் படத்தைத் தேர்ந்தெடுத்தால் நாயகன் லிங்க் நல்ல கவசமும் வில்லும் தரித்து மலை உச்சியில் நிற்கிறான். அவன் முடித்த ஆலயங்களே எண்பதைத் தாண்டும். கேமை மூடிவிட்டு மறுபடி திறந்து தம்பியின் படத்தைத் தேர்ந்தெடுத்தால், அதே லிங்க் ஒன்றும் அறியாதவனாகக் குகைக்குள் இப்போதுதான் கண் விழிக்கிறான். கன்சோல் அதேதான், கார்ட்ரிட்ஜும் அதேதான். இரண்டு பேரின் ஆட்டமும் ஒன்றோடொன்று மோதாமல் எங்கே இருக்கிறது?

பலரும் நினைப்பதுபோல் கார்ட்ரிட்ஜில் இல்லை. ஸ்விட்சில் நாம் விளையாடிச் சேர்த்தவை கார்ட்ரிட்ஜுக்குள் எழுதப்படுவதில்லை. கூடுதல் இடத்துக்காக நாம் செருகும் மைக்ரோ எஸ்டி அட்டைக்கும் அவை போவதில்லை. கன்சோலின் உள் நினைவகத்தில்தான் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு சேமிப்பின் மேலும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, அது எந்த கேமுக்குரியது என்பதைச் சொல்லும் எண். மற்றொன்று, அது எந்தப் பயனருக்குரியது என்பதைச் சொல்லும் எண். இந்த இரண்டாவது எண் 128 பிட் நீளமுள்ளது. ப்ரொஃபைல் உருவாக்கும்போது கன்சோலே அதைத் தருகிறது. நாம் வைக்கும் பெயருக்கும் படத்துக்கும் பின்னால் அது மறைந்திருக்கும்.

கேம் தொடங்கும்போது, இன்னாருடைய சேமிப்பைத் திறந்து கொடு என்று கன்சோலின் இயங்குதளத்தைக் கேட்கிறது. இயங்குதளம் அந்த ஒரு பகுதியை மட்டும் திறந்து கொடுக்கிறது. மளிகைக் கடையில் பற்று எழுதும் பையன் கையில் முதலாளி ஒரு வீட்டின் நோட்டை மட்டும் கொடுப்பதைப் போன்றது இது. அவன் எவ்வளவு எழுதினாலும் அடித்தாலும் பக்கத்து வீட்டுக் கணக்கைத் தொட முடியாது. தம்பியின் ப்ரொஃபைலில் திறந்த செல்டா, அக்காவின் சேமிப்பைப் பார்ப்பதே இல்லை. பார்க்காத ஒன்றை அதனால் அழிக்கவும் முடியாது.

இந்தப் பொறுப்பு எப்போதும் கன்சோலிடம் இருந்ததில்லை. 1987-இல் அமெரிக்காவில் வெளியான முதல் செல்டா கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு சிறு பேட்டரியும் நினைவகமும் இருந்தன. தொடங்கும்போது மூன்று பெயர்களை எழுதிக்கொள்ளலாம், மூன்று பேர் தனித்தனியாக ஆடலாம். யாருக்கு எது என்று பிரித்துவைப்பது அந்தந்த கேமின் வேலையாக இருந்தது. எல்லா கேமும் அந்தத் தாராளத்தைக் காட்டவில்லை. 1996-இல் ஜப்பானில் வெளியான முதல் போகிமான் கேம்களின் கார்ட்ரிட்ஜில் சேமிப்புக்கு இருந்த நினைவகம் 32 கிலோபைட்தான். பிடித்த உயிரினங்கள் அத்தனையின் விவரமும் அதற்குள் அடங்க வேண்டும். அதனால் ஒரு கார்ட்ரிட்ஜுக்கு ஒரே ஒரு சேமிப்புதான். தங்கை புதிதாகத் தொடங்கிச் சேமிக்க விரும்பினால், பழைய கோப்பு அழியும், சம்மதமா என்று கேம் கேட்கும். படிக்கத் தெரியாத வயதில் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்திய பிள்ளைகளால் உலகெங்கும் எத்தனையோ அண்ணன்மார்களின் போகிமான்கள் மறைந்தன.

இன்றைய ஆபத்து வேறு வகையானது. இன்றைய கேம்கள் நம்மைக் கேட்காமலே சேமிக்கின்றன. ப்ரெத் ஆஃப் தி வைல்ட் கேமையே எடுத்துக்கொள்வோம். ஒரு ப்ரொஃபைலின் சாதாரண ஆட்டத்துக்கு அது ஆறு இடங்களை வைத்திருக்கிறது. வீரர் தாமாகச் சேமிப்பதற்கு ஒன்று, கேம் தானாகச் சேமிப்பதற்கு ஐந்து. ஐந்தும் நிறைந்ததும், அடுத்த தானியங்கிச் சேமிப்பு வரும்போது இருப்பவற்றில் மிகப் பழையது வெளியேறும்.

தம்பிக்குத் தனி ப்ரொஃபைல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அக்கா பள்ளியிலிருந்து திரும்பவில்லை. அவன் அவள் ப்ரொஃபைலில் செல்டாவைத் திறந்து, முதலிலிருந்து ஆட ஆசைப்பட்டு `New Game` அழுத்துகிறான். அந்த நொடியில் எதுவும் அழிவதில்லை. பிறகு குகையை விட்டு வெளியே வருகிறான், கோபுரத்தை எழுப்புகிறான், முதல் ஆலயத்துக்குள் நுழைகிறான். இத்தகைய கட்டங்களில் கேம் தானாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு முறையும் அக்காவின் தானியங்கிச் சேமிப்புகளில் ஒன்று வெளியேறுகிறது. தொடக்கப் பீடபூமியை அவன் சுற்றி முடிப்பதற்குள் ஐந்துமே அவனுடையவை ஆகிவிடும். இனி மிஞ்சியிருப்பது அக்கா தன் கையால் சேமித்த அந்த ஒன்றுதான். அவன் ஒரே ஒரு முறை மெனுவைத் திறந்து `Save` அழுத்திவிட்டால் அதுவும் போய்விடும்.

அதனால் இப்படி ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றே. யாரும் எதையும் சேமிக்காமல் ஆட்டத்தை நிறுத்தி, `Load` பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சேமிப்புக்கும் இடத்தின் பெயரும் நேரமும் சிறு படமும் தெரியும். தானியங்கிக் குறி இல்லாத ஒன்று அக்கா விட்ட இடத்தைக் காட்டினால் அதைத் திறந்து தொடரலாம். கடைசியாகக் கையால் சேமித்த பிறகு ஆடியது மட்டுமே இழப்பு.

இத்தனைக்கும், சேமிப்பைக் காப்பாற்ற கன்சோல் உள்ளே கவனமாகவே வேலை செய்கிறது. ஸ்விட்ச் புதிய விவரங்களைப் பழையவற்றின் மேல் நேரடியாக எழுதுவதில்லை. தனியே எழுதி, எல்லாம் முடிந்தது என்று கேம் உறுதி சொன்ன பிறகே புதியதை ஏற்றுக்கொள்கிறது. பாதியில் பேட்டரி தீர்ந்தாலும் பழைய சேமிப்பு கெடாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆனால் இதெல்லாம் மின்சாரம் போவதற்கும் எழுத்து பாதியில் நிற்பதற்கும் எதிரான காவல். கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கை அக்காவுடையதா தம்பியுடையதா என்பது கன்சோலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது எந்த ப்ரொஃபைல் திறந்திருக்கிறது என்பது மட்டும்தான். முறையாகச் சேமிக்கப்படும் தவறான சேமிப்பும் அதன் கண்ணில் சரியான சேமிப்பே.

புது ப்ரொஃபைல் சேர்ப்பது சிறு வேலை. `System Settings` பகுதியில் `Users`, அதற்குள் `Add User`. ஒரு படமும் பெயரும் தேர்ந்தால் போதும். இணையக் கணக்கை இணைப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒரு ஸ்விட்சில் எட்டுப் பேர்வரை சேரலாம். இரண்டாவது ப்ரொஃபைல் வந்தபின், கேம் தொடங்கும்போது யார் என்று கன்சோல் கேட்கத் தொடங்கும்.

யோசிக்க வேண்டியது, பழைய ப்ரொஃபைல் யாருக்கு என்பதைத்தான். ஒரே கன்சோலில் ஒரு ப்ரொஃபைலின் சேமிப்பை இன்னொரு ப்ரொஃபைலுக்கு மாற்ற நிண்டெண்டோ வழி தரவில்லை. ஆகவே அதிகம் ஆடியவர் பழையதை வைத்துக்கொள்ள வேண்டும், புதிதாக வருபவர் புதியதை எடுத்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் கன்சோல் வாங்கிய அன்று அப்பா பெயரில் ஒரு ப்ரொஃபைல் உருவாகி, அதிலேயே மகள் ஆடிவந்திருப்பாள். அவள் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. அந்தப் பெயரையும் படத்தையும் அவளுடையதாக மாற்றிவிட்டால் போதும். சேமிப்பு ஒட்டிக்கொண்டிருப்பது மறைந்துள்ள எண்ணோடுதான், பெயரோடு அல்ல. பெயர் எத்தனை முறை மாறினாலும் அது அசையாது.

கேமை கன்சோலிலிருந்து நீக்கினாலும் சேமிப்பு தங்கிவிடும், மறுபடி நிறுவும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ப்ரொஃபைலை நீக்கினால் அப்படியில்லை. அதன் சேமிப்புகள் எல்லாமே அதோடு போய்விடும். இடம் போதவில்லை என்று அலைபவர்கள் கேம்களை நீக்கலாம், பயனர்களை நீக்கக் கூடாது.

சாதனைகளின் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஸ்விட்சில் எல்லா கேமுக்கும் பொதுவான சாதனைப் பட்டியல் கிடையாது, அந்தந்த கேம் தன் சேமிப்புக்குள் வைத்திருப்பதுதான். பிளேஸ்டேஷனில் 2008 முதல் ட்ரோஃபி உண்டு. எக்ஸ்பாக்ஸ் 360 அதற்கு முன்பே, 2005-இல், சாதனைப் புள்ளிகளைக் கொண்டுவந்துவிட்டது. ட்ரோஃபி கன்சோலில் மட்டும் தங்குவதில்லை, ஆடியவரின் இணையக் கணக்கில் நாள், நேரத்தோடு பதிவாகிறது. தம்பி அக்காவின் ப்ரொஃபைலில் ஆடி ஒரு கடினமான எதிரியை வீழ்த்தினால் ட்ரோஃபி அக்காவுக்குத்தான் போகும். அதைத் தம்பியின் கணக்குக்கு மாற்ற முடியாது, அக்காவின் பட்டியலிலிருந்து எடுக்கவும் முடியாது. பின்னொரு நாள் அவளே அந்த எதிரியை வீழ்த்தும்போது திரையில் எந்த அறிவிப்பும் வராது, ஏனென்றால் அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. தம்பியோ தனக்கென்று வேண்டுமானால் முதலிலிருந்து ஆட வேண்டும். தொலைந்த சேமிப்பை மறுபடி ஆடிச் சேர்த்துவிடலாம். இன்னொருவர் வாங்கித் தந்துவிட்ட ட்ரோஃபியை அதே கணக்கில் மறுபடி வாங்க வழியில்லை. இரண்டு இழப்புகளில் இதுதான் பெரியது என்பேன்.

பிளேஸ்டேஷன் 4, 5 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்சோலை இயக்கியதும் தானாக ஒருவரின் கணக்குக்குள் நுழையும் வசதி இருக்கிறது. பிள்ளைகள் சேர்ந்து ஆடும் வீட்டில் அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தனி ப்ரொஃபைல் இருந்தும் எல்லோரும் ஒருவருடையதிலேயே ஆடிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் நான்கு இலக்கக் கடவுக்குறியும் வைக்கலாம். சின்னவர் தெரியாமல் நுழைவதைத் தடுக்க அது போதும்.

தனி ப்ரொஃபைலாலும் தீராத ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் வந்த 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' கேமில் ஒரு ஸ்விட்சுக்கு ஒரு தீவுதான். அந்தத் தீவு எந்தப் பயனருக்கும் உரியதல்ல, கன்சோலுக்கு உரியது. இரண்டாவது ப்ரொஃபைலில் தொடங்குபவருக்கு அதே தீவில் இன்னொரு வீடு கிடைக்கும், தீவு கிடைக்காது. இன்னொரு கார்ட்ரிட்ஜ் வாங்கினாலும் இதுவே நிலை. பாலம் கட்டுவது, கதையை நகர்த்துவது போன்றவை முதலில் தொடங்கியவர் கையில்தான். தங்கை வளர்த்த மரத்தை அண்ணன் வெட்டலாம், தடுப்பதற்கு ப்ரொஃபைல் உதவாது. ஆகவே இந்த கேமை வாங்கிய வீட்டில், முதலில் யார் தொடங்குவது என்பதைத் தொடங்கும் முன்பே பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மற்ற பெரும்பாலான கேம்களுக்கு `Add User` போதும். கன்ட்ரோலர் பிடிக்கத் தெரிந்த வயது வந்துவிட்டால் சின்னவருக்கும் அன்றே ஒரு ப்ரொஃபைல் போட்டுக்கொடுங்கள். தன் படம் எது என்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டும்வரை ஒன்றிரண்டு நாள் பக்கத்தில் இருங்கள்.