சந்தனம்: வைரம் பாயும் முன் வெட்டப்படும் மரம்

சந்தன மரத்தை நட்டால் 12 ஆண்டுகளில் கோடீசுவரர் ஆகலாம் என்று கூறும் விளம்பரங்களை உழவர்கள் பலர் கண்டிருப்பீர்கள். இன்னொரு புறம், காடுகளில் சந்தனம் அருகிவிட்டது என்ற செய்தியையும் கேட்கிறீர்கள். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு. சந்தனத்தின் மணம் மரத்தின் எந்தப் பகுதியில், எந்த வயதில் உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், காட்டில் மரம் ஏன் குறைந்தது என்பதும், உங்கள் நிலத்தில் அதை நடலாமா என்பதும் விளங்கும்.

மணம் எங்கே இருக்கிறது?

சந்தன மரத்தைக் குறுக்கே அறுத்தால் இரண்டு பகுதிகள் தெரியும். வெளிப்புறம் வெண்மையாக இருப்பது வெளிறு, இதில் மணமில்லை. நடுவில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இருப்பது வைரம். சந்தன எண்ணெய் வைரத்தில் மட்டுமே உண்டு. இலை, பூ, பட்டை எதிலும் இம்மணம் கிடையாது. மரத்தின் மற்றப் பகுதிகளைவிட வேரிலும் அடித்தூரிலும் எண்ணெய் மிகுதி.

பொதுவாக மரத்திற்கு 10 வயதான பிறகே குறிப்பிடத்தக்க அளவில் வைரம் பாயத் தொடங்குகிறது. நல்ல விலைக்குரிய வைரம் சேர 25 முதல் 30 ஆண்டுகள் தேவை. ஒரே வயதுடைய, ஒரே பருமனுள்ள இரு மரங்களில் ஒன்றில் வைரம் இருக்கலாம். மற்றதில் இல்லாமலும் போகலாம். ஆகவே, மரத்தின் சுற்றளவை மட்டும் பார்த்து வைரத்தை மதிப்பிட இயலாது.

இதனை ஒரு கணக்கால் காண்போம். 12 செ.மீ. குறுக்களவுள்ள மரத்தில் 1 மீட்டர் நீளத் துண்டை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்த எடை ஏறத்தாழ 10 கிலோ. அதனுள் வைரம் 4 செ.மீ. குறுக்களவு மட்டுமே இருப்பின், வைரத்தின் எடை 1 கிலோவுக்குச் சற்று மேல். அதாவது ஒன்பதில் ஒரு பங்குதான். மீதி யாவும் மணமற்ற வெளிறு. அதே மரத்தை இன்னும் சில ஆண்டுகள் விட்டு வைத்து, வைரம் 8 செ.மீ. ஆனபின் அதே நீளத் துண்டை அறுத்தால் 4½ கிலோ வைரம் கிடைக்கும். வைரத்தின் குறுக்களவு இரு மடங்கானால் எடை நான்கு மடங்காகிறது. முன்கூட்டி வெட்டியவர் இழப்பது இந்த மூன்று பங்கை.

காட்டில் நடந்தது என்ன?

வேரில் எண்ணெய் மிகுதி என்பதால் சந்தன மரத்தை மற்ற மரங்களைப்போல் அடியோடு அறுப்பதில்லை. வேருடன் தோண்டி எடுப்பதே வழக்கம். அதனால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்க வாய்ப்பில்லை. சந்தனப் பழங்களை உண்டு விதைகளைப் பரப்புபவை பறவைகள். பெரிய மரங்கள் போய்விட்டால் பழமும் குறையும், விதையும் குறையும்.

முதலில் முதிர்ந்த மரங்கள் போயின. பிறகு திருடுவோர் இளம் மரங்களில் துளையிட்டும் பட்டையைச் செதுக்கியும் வைரம் உண்டா என்று பார்க்கத் தொடங்கினர். வைரமில்லாத மரமும் இக்காயத்தால் பட்டுப்போவதுண்டு. சவ்வாது மலையிலும் சத்தியமங்கலம் காடுகளிலும் இவ்வாறே மரங்கள் அருகின. 1960-களில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 டன் கிடைத்த சந்தன வைரம், 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் சில நூறு டன்னாகச் சுருங்கியது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998-ஆம் ஆண்டிலேயே சந்தனத்தை அழியும் இடருக்குள்ளான மரங்களின் பட்டியலில் சேர்த்தது.

சட்டமும் ஒரு காரணம். பட்டா நிலத்தில் தானே முளைத்த சந்தனமும் முன்னாளில் அரசுக்கே உரியதாக இருந்தது. மரம் திருடுபோனால் நில உடைமையாளர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே, வரப்பில் சந்தனக் கன்று தலைகாட்டினால் பிடுங்கி எறிந்தவர்கள் பலர். கர்நாடகத்தில் 2001-லும் தமிழ்நாட்டில் 2002-லும் சட்டம் திருத்தப்பட்டு, பட்டா நிலத்து மரம் நில உடைமையாளருக்கே உரியதாயிற்று.

முறையாக எடுப்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் வழியிலுள்ள மறையூரில் இயற்கையான சந்தனக் காடு இன்றும் இருக்கிறது. அங்கே கேரள வனத்துறை காவல் வைத்து மரங்களைக் காக்கிறது. காய்ந்த, காற்றில் சாய்ந்த மரங்களையே எடுத்து ஏலம் விடுகிறது. உயிருள்ள மரம் விதை மரமாக நிற்கிறது.

உங்கள் நிலத்தில் நடுவதானால்

சந்தனம் தனித்து வாழும் மரமன்று. அதன் வேர்கள் பக்கத்துச் செடிகளின் வேர்களைப் பற்றி, உறிஞ்சு வேர்களால் நீரையும் சத்துக்களையும் எடுத்துக்கொள்கின்றன. இலையில் பச்சையம் இருப்பதால் மாவுப்பொருளைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆகையால் இதனை அரை ஒட்டுண்ணி என்பர். துணைச் செடியின்றி நட்ட கன்று இலை வெளுத்து, வளர்ச்சி குன்றி, ஓரிரு ஆண்டுகளில் மடிந்துவிடும். நட்டவர்கள் பலருக்கு ஏற்பட்ட இழப்புக்கு இதுவே முதற் காரணம்.

நாற்றங்காலிலேயே இதைக் கவனிக்க வேண்டும். பையில் கன்றுடன் ஒரு துவரைச் செடியும் இருத்தல் வேண்டும். துவரை கன்றுக்கு மேல் நிழல் கட்டாதபடி அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். 6 முதல் 8 மாதமான, 30 செ.மீ. உயரமுள்ள, தண்டு பழுப்பேறிய கன்றே நடவுக்கு ஏற்றது.

ஒரு ஏக்கர் செம்மண் மானாவாரி நிலம் உள்ளதாகக் கொள்வோம். வரிசைக்கு வரிசை 5 மீட்டரும், வரிசைக்குள் சந்தனத்திற்குச் சந்தனம் 4 மீட்டரும் விட்டால் 200 சந்தனக் கன்றுகள் பிடிக்கும். ஒவ்வொரு இரு சந்தனத்திற்கும் நடுவில், 2 மீட்டர் தொலைவில், ஒரு துணை மரம் வைக்க வேண்டும். அந்த 200 குழிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சவுக்கும் புங்கமும் நடலாம். இதனால் ஒவ்வொரு சந்தனத்திற்கும் ஒரு பக்கம் சவுக்கு, மறுபக்கம் புங்கம் அமையும். 5-ஆம் ஆண்டில் சவுக்கை வெட்டி விற்றாலும் புங்கம் நின்று சந்தனத்தைக் காக்கும். எல்லாத் துணை மரங்களையும் ஒரே சமயத்தில் வெட்டினால் சந்தனம் நலியும். முதல் சில ஆண்டுகள் வரிசை இடையில் உளுந்தோ கொள்ளோ விதைக்கலாம்.

குழி 45 செ.மீ. நீள, அகல, ஆழம் இருக்கட்டும். நீர் தேங்கும் நிலம் சந்தனத்திற்கு ஆகாது. ஓரிரு வாரம் நீர் நின்றாலே வேர் அழுகும். அதிக நீரும் உரமும் கொடுத்தால் மரம் விரைவில் பருக்கும். ஆனால் அதே வேகத்தில் வைரம் பாயும் என்று எண்ணுதல் தவறு.

இலைகள் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, கிளை நுனி முள் கற்றைபோல் நிமிர்ந்து நின்றால் அது ஸ்பைக் நோய். 1899-இல் குடகில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி இதற்குக் காரணம். தத்துப் பூச்சிகள் வழியே பரவுகிறது. நோய் கண்ட மரம் சில ஆண்டுகளில் மடியும். மருந்து இல்லை. அத்தகைய மரத்தை உடனே வேருடன் அகற்றுவதே மற்ற மரங்களைக் காக்கும் வழி.

நட்டவுடன் கிராம நிருவாக அலுவலரிடம் அடங்கலில் பதிவு செய்துகொள்ளுங்கள். நடுவதற்கு அனுமதி தேவையில்லை. வெட்டவும் எடுத்துச் செல்லவும் வனத்துறையின் அனுமதி கட்டாயம். விற்பனையும் அத்துறையின் வழியாகவே அமைந்துள்ளது. அப்போதைய விதிகளை மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிதல் நலம். வெட்டும் முன் மரத்தில் சிறு துளையிடும் கருவியால் மாதிரி எடுத்து, வைரத்தின் குறுக்களவை அளந்து பார்க்கச் செய்யுங்கள். 15-ஆம் ஆண்டுக்குப் பின் மரத்திற்குக் காவலும் தேவை. அக்காவல் செலவைக் கணக்கில் சேர்க்காத வருமானக் கணக்கை நம்ப வேண்டாம்.

மணத்திற்கு மாற்று

25 ஆண்டுகள் காத்திருக்க இயலாத உழவருக்கு வெட்டிவேர் ஏற்றது. கடலூர்க் கடற்கரை மணற்பகுதிகளில் இது நெடுங்காலமாகப் பயிராகிறது. இதிலும் மணம் வேரில்தான். ஆயினும் சந்தனத்தைப்போல் தோண்டியதோடு செடி முடிந்துவிடுவதில்லை. 12 முதல் 14 மாதங்களில் தூரைத் தோண்டி வேரை அறுத்துக்கொண்டு, தலைப்பகுதியைத் துண்டுகளாகப் பிரித்து மீண்டும் நடலாம். முன்கூட்டித் தோண்டினால் வேர் மெலிந்து எண்ணெய் குறையும். களிமண்ணில் வேர் அறுபடும், தோண்டும் கூலியும் ஏறும்; மணற்பாங்கான நிலமே உகந்தது. சரிவான நிலத்தில் முழுவதையும் ஒரே சமயத்தில் தோண்டினால் மண் அரிக்கும். பட்டை பட்டையாக மாற்றி மாற்றித் தோண்டுதல் வேண்டும். வாங்குவோரை உறுதி செய்த பிறகே பரப்பைப் பெருக்க வேண்டும்.

ஊதுவத்தித் தொழிலிலும் மாற்றம் வந்துவிட்டது. இன்று கடையில் விற்கும் சந்தன ஊதுவத்தி பெரும்பாலும் கரித்தூள், மரத்தூள், ஒட்டும் தன்மையுள்ள பட்டைத்தூள் ஆகியவற்றால் உருட்டப்பட்டது. மணம் பின்னர் ஏற்றப்படுகிறது. அந்தச் சந்தன மணம் பெரும்பாலும் செயற்கைப் பொருளிலிருந்தே வருகிறது. பைன் மரத்திலிருந்து கிடைக்கும் டர்ப்பன்டைன் எண்ணெயும் இதற்கு மூலப்பொருள்களில் ஒன்று. புகைத்துத் தீர்க்கும் பொருளுக்கு 25 ஆண்டு மரத்தைச் செலவிடாமல் இருப்பது நன்றே. ஆனால் அதனை அசல் சந்தனம் என்று கூறி விற்பது கூடாது.

மாற்று என்ற பெயரில் இன்னொரு காட்டு மரத்தைத் தேடிப்போவதும் தீர்வாகாது. சந்தனம் குறைந்ததும் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஒசைரிஸ் என்னும் சிறு மரத்தின் வேரையும் கட்டையையும் வணிகர்கள் நாடினர். அதுவும் வேருடன் தோண்டப்பட்டது. கென்யா 2007-இல் அதனை வெட்டத் தடை விதித்தது. 2013-இல் அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. சவ்வாது மலையில் நிகழ்ந்தது அங்கும் நிகழ்ந்தது.

ஆகவே, சந்தனம் நட விரும்புவோர் நிலம் முழுவதையும் அதற்கே ஒதுக்காமல், ஒரு பகுதியில் துணை மரங்களோடு நட்டு, மற்றப் பகுதியில் ஆண்டுப் பயிரோ வெட்டிவேரோ வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு செய்தால் அன்றாடச் செலவுக்காக 12-ஆம் ஆண்டில் சந்தனத்தின்மேல் கோடரி வைக்கும் நிலை வராது. வைரம் பாயும்வரை மரம் நிற்கும்.