ஹீமோஃபிலியாவில் ரத்தம் ஏன் நிற்பதில்லை?

ரத்தம் உறைய இரண்டு தனி வழிகள் உண்டு என்றது அடுக்கு மாதிரி. அப்படியானால் எட்டாம் காரணி இல்லாத ஹீமோஃபிலியா நோயாளிக்கு மற்ற வழி கைகொடுக்க வேண்டுமே, ஏன் கொடுப்பதில்லை?

2001-இல் ஹாஃப்மனும் மன்றோவும் விளக்கிய செல் மாதிரியில் விடை இருக்கிறது. காயத்தில் திசுக் காரணி தாங்கிய செல்களின் மேல் முதலில் சிறிதளவு த்ராம்பின்தான் உருவாகிறது. அந்தச் சிறு அளவு தட்டணுக்களைத் தூண்டி, ஐந்தாம், எட்டாம், பதினொன்றாம் காரணிகளையும் முடுக்கிவிடுகிறது. பிறகு தட்டணுவின் பரப்பிலேயே எட்டும் ஒன்பதும் சேர்ந்து பத்தாம் காரணியை ஏராளமாக இயக்க, த்ராம்பின் பெருகி உறுதியான ஃபைப்ரின் வலை பின்னப்படுகிறது.

ஹீமோஃபிலியாவில் தொடக்கம் சரியாகவே நடக்கிறது; தட்டணு மேல் நடக்கவேண்டிய பெருக்கம்தான் தடைபடுகிறது. காயத்துச் செல்மேல் உருவான பத்தாம் காரணி அங்கிருந்து விலகினால், ரத்தத்திலுள்ள தடுப்பான்கள் உடனே அதை முடக்கிவிடும். தட்டணுவரை அது போய்ச் சேராது.

ஏபிடிடி பரிசோதனை தட்டணு நீக்கிய பிளாஸ்மாவில் நடப்பது. பன்னிரண்டாம் காரணி இல்லாதவருக்கு அது மிகவும் நீளும்; ஆனால் ரத்தப்போக்கு இராது.