திருத்தக் கணக்கு வந்தால் எதைத் திரும்பப் போடுவது?

ஒரு கணக்கை ஆராய்ந்து நாலு பேருக்கு அனுப்பிய பிறகு, "முந்தையது பிழை, இதோ திருத்தம்" என்று புதுக் கோப்பு வருகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டியதில்லை. ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. நம் நாட்டில் நடந்த ஒன்றை வைத்தே இதைப் பார்ப்போம்.

2012 மார்ச்சில் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் ஜனவரி மாதத் தொழில் உற்பத்திக் குறியீட்டெண்ணை வெளியிட்டது. முந்தைய ஜனவரியைவிட 6.8 சதவீத வளர்ச்சி. ஏப்ரலில் திருத்தம் வந்தது, வளர்ச்சி 1.1 சதவீதம்தான். சர்க்கரை உற்பத்தி 58.09 லட்சம் டன் என்றிருக்க வேண்டிய இடத்தில் 134.08 லட்சம் டன் என்று ஏறிவிட்டிருந்தது.

மார்ச் எண்களை நம்பி ஒருவர் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் பழைய கோப்பைப் பத்திரப்படுத்தி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி கழித்துப் பார்க்க வேண்டும். மாதாமாதம் முந்தைய மாதங்களின் எண்கள் வழக்கமாகவே சற்றுத் திருத்தப்படும். டிசம்பர் எண் மாறியிருந்தால் அது சர்க்கரையால் வந்தது அல்ல. இவ்விரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, சர்க்கரை எங்கெல்லாம் போய்ச் சேருகிறது என்று பின்தொடர வேண்டும். அது தயாரிப்புத் தொழிலில் சேரும், நுகர்பொருளில் சேரும், மொத்தத்திலும், ஏப்ரல் முதல் ஜனவரி வரையான பத்து மாதக் கணக்கிலும் சேரும். இவற்றைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும். சுரங்கம், மின்சாரம், இயந்திரத் தளவாடம் பற்றி எழுதியவற்றைச் சர்க்கரை தொடாது. அவை அப்படியே நிற்கும்.

"சர்க்கரையின் பங்கு நூற்றுக்குச் சுமார் 1.5 தானே, என்ன பெரிசா மாறிடும்?" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. அந்தப் பங்கு வருஷம் முழுமைக்குமானது. கரும்பு அரைவையோ சில மாதங்களில்தான் நடக்கிறது. மாதச் சராசரியோடு ஒப்பிட்டால் ஜனவரி உற்பத்தி பல மடங்கு. ஆகவே அந்த மாதத்தில் சர்க்கரை தன் பங்குக்கு மேல் கனக்கும். ஒரு பண்டத்தின் பிழை மொத்த வளர்ச்சியில் 5.7 புள்ளியைத் தூக்கிவிட்டது அப்படித்தான். பங்கைப் பார்த்து ஊகிக்காமல் போட்டுப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

பலர் மறப்பது இன்னொன்று. 2013 ஜனவரி வளர்ச்சியைக் கணக்கிட 2012 ஜனவரிதான் அடி எண். பழைய எண் எங்காவது தங்கியிருந்தால், அடி பெரிதாகி, அடுத்த வருஷ வளர்ச்சி பொய்யாகக் குறைந்து காட்டும்.

கடைசியில், முன்பு குறிப்பு யாருக்குப் போனதோ அவர்கள் அத்தனை பேருக்கும் கடிதம் போக வேண்டும். 6.8 என்றிருந்தது 1.1 ஆயிற்று, காரணம் சர்க்கரை, "தொழில் நிமிர்ந்துவிட்டது" என்ற முடிவு செல்லாது, மின்சாரம் பற்றிய முடிவு செல்லும் என்று நான்கே வரி போதும். பழைய எண்ணையும் அதில் எழுத வேண்டும். அப்போதுதான் வாங்கினவர் தம்மிடம் இருப்பது எந்தத் தாள் என்று கண்டுகொள்வார்.