கல்பாக்கம் லைனில் தொங்கும் பீப்பாய்

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் சற்று நேரத்தில் கல்பாக்கம் வந்துவிடும். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் 230 கிலோவோல்ட் லைன்களில் ஏறி மேற்கே போகிறது. செங்கல்பட்டுப் பக்கம் இப்படிப்பட்ட லைன்கள் வந்து சேரும் துணை மின் நிலையங்களை வேலிக்கு வெளியே நின்றே பார்க்கலாம். லைன் உள்ளே இறங்கும் இடத்தில், இன்சுலேட்டர்களில் தொங்கியபடியோ தூண்மேல் நின்றபடியோ, ஆளுயரப் பீப்பாய் ஒன்று இருக்கும். மூன்று கம்பிகளில் ஒன்றிலோ இரண்டிலோதான் அது இருக்கும். மீதிக் கம்பி வெறுமனே உள்ளே போகும்.

அங்கே வேலை செய்கிறவர்கள் அதை வேவ் டிராப் என்பார்கள். டிரான்ஸ்பார்மர் என்றோ ஃபியூஸ் என்றோ நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் அது தடித்த அலுமினியக் கம்பிச் சுருள். நடுவே சின்னப் பெட்டியில் ஒரு மின்தேக்கியும், இடி மின்னலிலிருந்து அதைக் காக்க ஒரு சர்ஜ் அரெஸ்டரும் இருக்கும். சுருளும் மின்தேக்கியும் பக்கம் பக்கமாக, அதாவது இணையாக, இணைக்கப்பட்டிருக்கும். பாடப்புத்தகத்தில் இரண்டு சென்டிமீட்டர் படமாக வரும் இணை ஒத்ததிர்வுச் சுற்றின் பெரிய உருவம் இது.

அது எதைப் பிடிக்கிறது? மின்சாரம் போகும் அதே கம்பியில் பேச்சும், ரிலேக்களுக்கான கட்டளைகளும் போகின்றன. லைனில் பழுது வந்தால் ஒரு முனையில் இருக்கும் பாதுகாப்பு ரிலே மறுமுனைக்குச் செய்தி அனுப்பும். இரண்டு முனைகளிலும் பிரேக்கர் உடனே திறக்க அது உதவும். செய்தி 50 முதல் 500 கிலோஹெர்ட்ஸுக்குள் ஓர் அலையாக ஏற்றப்படுகிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே கம்பியில் போவதில் சிக்கல் இல்லை. சிக்கல் நிலையத்துக்குள் நுழையும் இடத்தில்தான். உள்ளே பஸ்பார், டிரான்ஸ்பார்மர், மற்ற லைன்கள் எல்லாம் சேர்ந்து தரைக்கு ஒரு மின்தேக்கி போல நிற்கின்றன. உயர் அதிர்வெண் அலைக்கு அது திறந்த சாக்கடை. மறுமுனைக்குப் போக வேண்டிய அலை அதில் இறங்கிப் போய்விடும். பஸ்ஸிலேயே பழுது வந்து தரையோடு ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம். ஆகவே 50 ஹெர்ட்ஸுக்குக் கதவு திறந்தும், செய்தி அலைக்கு மூடியும் இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்காகவே பார்ப்போம். சுருளின் தூண்டல் எண் 0.5 மில்லிஹென்றி, இது இத்துறையில் வழக்கமான அளவு. செய்தி அலை 150 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் இந்தச் சுருளின் மின்மறுப்பு 0.157 ஓம். லைனில் 600 ஆம்பியர் ஓடினாலும் சுருளில் விழுவது 94 வோல்ட். கம்பிக்கும் தரைக்கும் இடையே இருப்பதோ 1,32,800 வோல்ட். மின்சாரத்துக்குப் பீப்பாய் இருப்பதே தெரியாது.

150 கிலோஹெர்ட்ஸில் அதே சுருளின் மின்மறுப்பு 471 ஓமாக ஏறுகிறது. லைனின் சொந்த மின்னெதிர்ப்பே ஏறத்தாழ 400 ஓம் என்பதால் இது மட்டும் போதாது. இங்கேதான் மின்தேக்கி வருகிறது. f = 1/(2π√(LC)) என்ற கணக்கின்படி 2250 பிகோஃபாரட் மின்தேக்கி போட்டால், 150 கிலோஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பும் சரியாக 471 ஓம்.

இணையாக இருப்பதால் இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம். பீப்பாயின் இரு முனைகளுக்கிடையே 10 வோல்ட் செய்தி அலை இருந்தால் சுருளில் 21 மில்லிஆம்பியர் ஓடும், மின்தேக்கியிலும் 21 மில்லிஆம்பியர் ஓடும். ஆனால் எதிரெதிர் முறையில்: ஒன்று வாங்கும் நேரத்தில் மற்றது கொடுக்கும். ஆகவே அந்த மின்னோட்டம் இரண்டுக்கும் இடையிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியிலிருந்து வர வேண்டியது, சுருளின் கம்பித் தடையில் வீணாகும் ஆற்றலை ஈடுகட்டும் அளவுக்கு மட்டுமே. சுருளின் தரக்காரணி 40 என்றால், அதாவது கம்பித் தடை ஏறத்தாழ 12 ஓம் என்றால், வெளியிலிருந்து வருவது அரை மில்லிஆம்பியர். 10 வோல்ட்டுக்கு அரை மில்லிஆம்பியர்தான் என்றால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மின்னெதிர்ப்பு ஏறத்தாழ 19,000 ஓம். 471 ஓமின் 40 மடங்கு. உச்சம் என்று சொல்வது இதைத்தான். உள்ளே ஓட்டம் குறையவில்லை. வெளியிலிருந்து கேட்கப்படும் ஓட்டம்தான் குறைந்தது. மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இதுவே.

இப்போது அதே சுருளையும் அதே மின்தேக்கியையும் ஒன்றன்பின் ஒன்றாக, தொடராக, இணையுங்கள். இப்போது இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம். மின்னழுத்தங்கள்தான் எதிரெதிராகி ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது கம்பித் தடையான 12 ஓம் மட்டும். அதே 10 வோல்ட் கொடுத்தால் 0.85 ஆம்பியர் பாயும். சுருளின் முனைகளில் மட்டும் அளந்தால் 400 வோல்ட் காட்டும். இணைச் சுற்றில் மின்னோட்டம் உள்ளே 40 மடங்காகிறது. தொடர்ச் சுற்றில் மின்னழுத்தம் உள்ளே 40 மடங்காகிறது. ஒரே இரண்டு பொருள்கள், ஒரே அதிர்வெண். ஒரு முறை 19,000 ஓம், மறுமுறை 12 ஓம். நடுவே இருப்பது 40-இன் வர்க்கம், 1,600 மடங்கு.

தொடர் ஒத்ததிர்வுக்கும் அதே நிலையத்தில் வேலை இருக்கிறது. செய்தி அலையை லைனில் ஏற்றுவது, பீப்பாய்க்குப் பக்கத்தில் உயரமாக நிற்கும் சிவிடி என்னும் மின்தேக்கித் தூண் வழியாக. 4400 பிகோஃபாரட் தூண் என்றால் 150 கிலோஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு 241 ஓம். அடியில் இருக்கும் பெட்டியில் அதே அளவு மின்மறுப்புள்ள சுருளைத் தொடராகச் சேர்த்தால் இரண்டும் கழிந்து வழி திறக்கிறது. நடைமுறையில் அந்தப் பெட்டியில் இன்னும் விரிவான வடிகட்டி இருக்கும், அடிப்படை இதுதான். அலை தொடர் ஒத்ததிர்வு வழியாக லைனில் ஏறுகிறது, இணை ஒத்ததிர்வில் முட்டி, நிலையத்துக்குள் போகாமல் மறுமுனை நோக்கிப் போகிறது.

ஆனால் சிறிய அதிர்வெண் மாற்றமும் உச்சத்தைக் குலைத்துவிடும். நம் பீப்பாய் 150 கிலோஹெர்ட்ஸில் 19,000 ஓம் காட்டினாலும், 100 கிலோஹெர்ட்ஸில் 565 ஓம்தான் காட்டும். அதுவும் வெறும் மின்தூண்டியைப் போல நடந்துகொள்ளும், ஏனென்றால் உச்சத்துக்குக் கீழே இணைச் சுற்றில் சுருளின் கை ஓங்குகிறது. உச்சத்துக்கு மேலே போனால் மின்தேக்கியின் கை ஓங்கும்.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்துதான் எனக்கு இந்தப் பீப்பாயைச் சுவையான விஷயமாக்குகிறது. பீப்பாய்க்குள் இருக்கும் மின்தேக்கியின் இணைப்பு ஒரு மின்னல் அதிர்ச்சியில் அறுந்துபோனதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சியது 471 ஓம் சுருள். பரவாயில்லை, ஓரளவு தடுக்கும் என்று தோன்றும். ஆனால் அந்தச் சுருளுக்குப் பின்னால் பஸ் ஒரு மின்தேக்கியாக நிற்கிறதே! அதன் அளவும் தற்செயலாக 2250 பிகோஃபாரட்டாக இருந்தால்? துணை மின் நிலையத்துக்கு அது அபூர்வமான எண் அல்ல. லைனிலிருந்து பார்த்தால் சுருள், அதற்குப் பின் பஸ், அதற்குப் பின் தரை: தொடர்ச் சுற்று. செய்தி அலையின் அதிர்வெண்ணிலேயே தொடர் ஒத்ததிர்வு. தடுப்பதற்காக வைத்த சுருள், பஸ்ஸின் மின்மறுப்பைக் கழித்துவிட்டு, அலையை 12 ஓம் வழியாகத் தரைக்கு அனுப்புகிறது. 400 ஓம் லைனில் இந்தக் கசிவு சேர்ந்தால் மறுமுனைக்குச் சேரும் மின்னழுத்தம் பதினெட்டில் ஒரு பங்காகும். ஏறத்தாழ 25 டெசிபெல் இழப்பு. சுருளே இல்லாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு போயிருக்காது.

இதனால்தான் வேவ் டிராப்புக்கான ஐஇசி 60353 தரநிர்ணயம், மின்னெதிர்ப்பு மொத்தமாக எவ்வளவு என்பதோடு நிற்காமல், அதில் மின்தடைப் பங்கு எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுக்கிறது. மின்மறுப்பை எதிர்க்குறியுள்ள இன்னொரு மின்மறுப்பு கழித்துவிடலாம். மின்தடையை எதுவும் கழிக்க முடியாது. ஆகவே அகன்ற அலைவரிசைக்கான டிராப்புகளில் உள்ளே ஒரு மின்தடையையும் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். உச்சத்தின் உயரம் ஆயிரக்கணக்கிலிருந்து சில நூறு ஓமுக்கு இறங்கும். ஆனால் அந்த உயரம் பரந்த அலைவரிசை முழுவதும் நிற்கும். கூர்மையான உச்சத்தைவிட அகலமான மேடு இங்கே மேல்.

பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? மின்விநியோகத்தில் எந்த மாற்றமும் தெரியாது. மறுமுனையில் செய்தி அலையின் அளவு குறைவதுதான் முதல் அறிகுறி. வழக்கமான அமைப்பில் லைனிலிருந்து வரும்போது முதலில் சிவிடி, பிறகு வேவ் டிராப், பிறகு எர்த் ஸ்விட்சுடன் ஐசொலேட்டர் என்று வரிசை இருக்கும். பராமரிப்புக்காக லைனை எடுத்து, எர்த் ஸ்விட்சைப் போட்டால் டிராப்பின் பின்முனை நேராகத் தரையில் ஒட்டும். டிராப் நல்லதாக இருந்தால் மறுமுனையில் அளவு மாறவே கூடாது. அடியோடு விழுந்தால் டிராப் குறுக்காக ஒட்டிக்கொண்டது என்று பொருள். பெரும்பாலும் அரெஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

நாம் மேலே பார்த்த பழுதில் நடப்பதோ வினோதம். லைன் ஏறியிருக்கும்போது அளவு படுமோசம். எர்த் போட்டதும் பஸ் கணக்கிலிருந்து விலகி, வெறும் 471 ஓம் சுருள் தரைக்கு நிற்கும். இழப்பு ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு. அளவு கூடிவிடும்! சோதனையில் தேறிவிட்டது என்று மூடிவிட்டு, லைனை ஏற்றியதும் மறுபடி கெடும். எர்த் போட்டதும் அளவு கூடினாலும் அது பழுதே என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டிராப்பை இறக்கி, அதிர்வெண்ணை மாற்றி மாற்றி அளந்து பார்ப்பதே வழி.

புதிய லைன்களில் உச்சியில் போகும் தரைக்கம்பிக்குள்ளேயே கண்ணாடி இழை வருவதால் பீப்பாய்களின் தேவை குறைந்துவருகிறது. ஆனாலும் இந்த இரண்டு ஒத்ததிர்வுகளையும் பாலிடெக்னிக் மாணவர்கள் மேசையிலேயே பார்க்கலாம். 0.5 மில்லிஹென்றி சுருளும் 2200 பிகோஃபாரட் மின்தேக்கியும் வாங்கி இணையாகக் கட்டி, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 10 கிலோஓம் தடை வழியாக ஊட்டுங்கள்; 152 கிலோஹெர்ட்ஸ் அருகே சுற்றின் மேல் மின்னழுத்தம் ஏறும். பிறகு அதே இரண்டையும் தொடராக்கி, அந்த 10 கிலோஓமுக்குப் பிறகு தரைக்கு வையுங்கள். அதே இடத்தில் மின்னழுத்தம் பள்ளத்தில் விழும். அளக்கும்போது ஆசிலோஸ்கோப் புரோபை பத்து மடங்கு நிலையில் வையுங்கள். ஒரு மடங்கு நிலையில் புரோபின் கேபிளே நூறு பிகோஃபாரட் அளவுக்குச் சேர்த்து, உச்சத்தை மூன்று கிலோஹெர்ட்ஸ் கீழே இழுத்துவிடும்.