தொடையளவு நீரில் வந்த படை

கி.பி. 845 மார்ச் மாதம் 120 வைக்கிங் கப்பல்கள் சீன் ஆற்றில் நுழைந்து பாரிஸை நோக்கி ஏறி வந்தன. மேற்கு பிராங்கிய நாட்டை அப்போது ஆண்டவர் ‘மொட்டை’ சார்லஸ். அவர் படை திரட்டி வந்து, அதை இரண்டாகப் பிரித்து ஆற்றின் இரு கரைகளிலும் நிறுத்தினார். கப்பல்கள் எந்தக் கரையில் ஒதுங்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கரையில் நிற்கும் படை நினைத்த நேரத்தில் மறுகரைக்குப் போகவும் முடியாது. வைக்கிங்குகளுக்கோ எந்தக் கரையும் ஒன்றுதான். இரண்டில் சிறிய படை நின்ற கரையில் இறங்கி அதை முறியடித்தார்கள். பிடிபட்ட 111 பேரை மறுகரைப் படையின் கண்ணெதிரே தூக்கிலிட்டார்கள். ஈஸ்டர் நாளில் பாரிஸுக்குள் புகுந்து, 7,000 பவுண்டு வெள்ளி வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள்.

இந்தத் துணிச்சலுக்கு அடிப்படை அவர்களுடைய கப்பலின் அடிப்பாகம். டென்மார்க்கின் ரோஸ்கில்ட கடற்கழியில் 1962இல் தோண்டி எடுக்கப்பட்ட ஐந்து கப்பல்களில் ஒன்று சிறிய போர்க்கப்பல். பாரிஸ் தாக்குதலுக்குப் பிந்தைய 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றாலும் கட்டுமான முறை அதே மரபுதான். நீளம் 17 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் இரண்டரை மீட்டர். முப்பது பேர் ஏறிய பிறகும் அது நீருக்குள் அமிழ்வது ஏறக்குறைய 60 சென்டிமீட்டர்தான். வீரன் பக்கவாட்டில் குதித்தால் தண்ணீர் தொடை வரை இருக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவு குறைவாக அமிழ வேண்டுமானால் கப்பல் எடை குறைந்ததாக இருக்க வேண்டும். பலகையை எடுக்கும் விதத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. ஓக் மரத்தை ரம்பத்தால் அறுக்காமல், நடுவிலிருந்து வெளிப்புறமாக ஆப்பு வைத்துப் பிளந்து, கோடாரியால் செதுக்கினார்கள். அறுத்தால் மரத்தின் நார்கள் இடையிடையே வெட்டுப்படும். பிளக்கும்போது அவை முனைக்கு முனை முழுசாக இருக்கும். அதனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிப்பே போதுமான வலுவைத் தந்தது. கூரையில் ஓடு வேய்வதுபோல் ஒரு பலகையின் ஓரத்தின் மேல் அடுத்ததை ஏற்றி, இரும்பு ஆணிகளால் பிணைத்து, இடுக்கில் தார் தோய்த்த விலங்கு முடியைத் திணித்தார்கள். வலுவில் பெரும்பங்கு இந்த மெல்லிய ஓட்டிலேயே இருந்ததால் உள்ளே கனமான சட்டங்கள் அதிகம் தேவைப்படவில்லை. ஏரா எனப்படும் அடிமரமும் ஆழமாக இறங்கவில்லை. ஆனாலும் அது கடலில் பாய் விரித்து நேராக ஓடப் போதுமானதாக இருந்தது. கடலைக் கடந்து வரும் கப்பலே மாற்றமின்றி ஆற்றிலும் ஏறியதுதான் இதில் மிகப் பெரிய சாதனை என்பேன்.

ஆற்றுக்குள் வந்ததும் மற்ற உறுப்புகளும் கைகொடுத்தன. பாய்மரத்தைச் சாய்த்து வைத்துவிட்டுத் துடுப்புப் போடலாம். வலப்பக்கம் தொங்கும் சுக்கானை, ஆழம் குறைந்த இடத்தில் மேலே தூக்கிக்கொள்ளலாம். முன்னும் பின்னும் ஒரே வடிவம் என்பதால், குறுகிய இடத்தில் திருப்பாமலே பின்னோக்கி வலித்து வெளியேறலாம். இறங்கத் துறைமுகம் வேண்டாம், மணல்திட்டு போதும்.

சீன் ஆற்றில் கடலின் ஏற்றம் ரூவான் நகரைத் தாண்டியும் உணரப்படும். அதுவரை ஏற்றமே கப்பலைத் தள்ளிச் செல்லும். அதற்கு மேல் நீரோட்டத்தை எதிர்த்து வலிக்க வேண்டும், வேகம் குறையும். திரும்பும்போதோ கொள்ளைப் பொருளின் பாரத்தோடும் ஆறே இழுத்துச் சென்றுவிடும். மறுபக்கம், அரசரின் ஆணை ஒவ்வொரு பிரபுவுக்கும் போய், அவர்கள் ஆளும் குதிரையும் உணவும் சேர்த்துக் கிளம்பி வர வாரக்கணக்கில் ஆகும். படை கூடும்போது ஊர் எரிந்து முடிந்திருக்கும்.

ஆனால் இந்த உத்திக்கு ஒரு பலவீனமும் உண்டு. போன ஆற்றிலேயேதான் திரும்ப வேண்டும். அதை 862இல் சார்லஸ் பயன்படுத்திக்கொண்டார். வைக்கிங் கூட்டம் ஒன்று சீனின் கிளையாறான மார்னில் ஏறி மோ நகரைத் தாக்கியது. சார்லஸ் அவர்களைத் துரத்தவில்லை. கீழே இடிந்து கிடந்த பாலத்தைச் சீராக்கி, இரு கரையிலும் படையை நிறுத்திக் காத்திருந்தார். வெளியேற வழியின்றி அகப்பட்டவர்கள் பணயக்கைதிகளைக் கொடுத்து, பிடித்து வைத்திருந்த மக்களையும் விடுவித்தார்கள். அதன் பிறகு சீனின் குறுக்கேயும் அரண் அமைந்த பாலம் கட்டும் வேலையில் அவர் இறங்கினார்.

பாலம் நல்ல மருந்துதான். ஆனால் அதன் எல்லை 885-86 பாரிஸ் முற்றுகையில் தெரிந்தது. நகரத்தார் மாதக்கணக்கில் பாலங்களைக் காத்து, கப்பல்களை மேலே விடவில்லை. கடைசியில் வைக்கிங்குகள் கப்பல்களைக் கரையேற்றி, நிலத்தின் மேல் இழுத்துச் சென்று, நகரத்துக்கு அப்பால் மறுபடி ஆற்றில் இறக்கி, பர்கண்டியைக் கொள்ளையடிக்கப் போனார்கள்.