கூட்டித் தருகிறோம் என்ற பிறகு எழுத வேண்டிய பதில்

ராஜினாமா கொடுத்த சில நாட்களில் மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்கன்னு சொல்லுங்க, நான் ஹெச்.ஆர்.கிட்ட பேசுறேன்" என்பது சென்னை, கோவை மென்பொருள் நிறுவனங்களில் வழக்கமாக நடப்பது. இதைத்தான் கவுன்ட்டர் ஆஃபர் என்கிறார்கள். அதை ஏற்கலாமா என்று இன்னும் எண்ணிக்கொண்டிருப்பவர் அதை எண்ணி முடிக்கட்டும். இங்கே சொல்லவருவது, போவதென்று தீர்மானித்துவிட்டவர் அதை எப்படித் தெரிவிப்பது என்பதைப் பற்றி. முகத்துக்கு நேரே மறுக்கச் சங்கடப்பட்டு, பலரும் "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வந்துவிடுகிறார்கள். மரியாதைக்காகச் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்குக் காரணம். நன்றியும் மறுப்பும் ஒரே கடிதத்தில், அன்றோ மறுநாளோ, எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

ஏன் எழுத்தில், ஏன் உடனே? ராஜினாமா நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பு அதைத் திரும்பப் பெற முடியும் என்பது, விதிகளில் வேறு ஏற்பாடு இல்லாதவரை, உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கும் நிலை. ஊழியருக்குப் பாதுகாப்பான அந்த நிலையே, போக நினைப்பவர் பூடகமாகப் பேசினால் அவருக்கு எதிராகத் திரும்புகிறது. நோட்டீஸ் காலம் 60 அல்லது 90 நாள் என்றால் அத்தனை நாளும் கதவு திறந்திருக்கிறது என்றே நிறுவனம் எடுத்துக்கொள்ளும். ஹெச்.ஆர். போர்ட்டலில் ராஜினாமா 'நிலுவையில்' என்றே கிடக்கும். வேலையை ஒப்படைக்க வேண்டிய ஆளை நியமிக்க மாட்டார்கள். கடைசியில் "நீங்க இருப்பீங்கன்னு நினைச்சோம், இன்னும் ஒரு மாசம் தாங்க" என்ற வேண்டுகோள் வரும். புதிய நிறுவனத்தில் சேரும் தேதியோ மாறாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் ஊழியர்தான்.

கொடுக்கப்படும் தொகையைப் பிரித்துப் பார்த்தால் மறுப்பதில் இருக்கும் தயக்கம் குறையும். உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 12 லட்சம் வாங்குபவருக்கு வெளியே 15 லட்சம் கிடைக்கிறது. இருக்கும் நிறுவனம் 15.5 லட்சம் தருவதாகச் சொல்கிறது. கடிதத்தைப் படித்தால், அதில் 2 லட்சம் ரிடென்ஷன் போனஸ் என்றும், 18 மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அப்படியானால் நிலையான சம்பளம் 13.5 லட்சம்தான். அடுத்த ஆண்டின் உயர்வு இந்தத் தொகையின் மேல்தான் கணக்கிடப்படும், போனஸோ அடுத்த ஆண்டு வராது. போனஸில் வரி பிடித்தம் போக மிச்சம்தான் கைக்கு வரும். ஆனால் திருப்பிக் கேட்கும்போது பல ஒப்பந்தங்களில் பிடித்தத்துக்கு முந்தைய முழு 2 லட்சத்தையும் கேட்பார்கள். இது வெற்று மிரட்டல் என்று தள்ளிவிடவும் முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கியின் வேலைநியமனம் தொடர்பான வழக்கு, எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் இப்படிக் கையெழுத்திடும் காகிதம் கட்டுப்படுத்தும் என்பதை அது நினைவூட்டுகிறது.

இனி கடிதம். அலுவலகத்தில் இதை ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள், ஆனால் அமைப்பு ஒன்றுதான்: "எனக்காக நீங்கள் எடுத்துக்கொண்ட முயற்சிக்கும், புதிய சம்பளம் குறித்துப் பேசியதற்கும் மனமார்ந்த நன்றி. இந்தக் குழுவில் கற்றுக்கொண்டது எனக்கு என்றும் உதவும். நன்றாக யோசித்தே ராஜினாமா செய்தேன். அந்த முடிவில் மாற்றமில்லை. இந்தச் சலுகையை என்னால் ஏற்க இயலாது. மார்ச் 3ஆம் தேதி கொடுத்த ராஜினாமாவின்படி மே 31 எனது கடைசி வேலை நாள். அதற்குள் என் பொறுப்புகளை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெரிவித்தால் இந்த வாரமே தொடங்குகிறேன்." இவ்வளவு போதும். நன்றி மேலாளரின் முயற்சிக்குப் போகிறது, தொகைக்குப் போகவில்லை. 'தொகை நன்றாக இருக்கிறது' என்று எழுதினால் இன்னொரு சுற்றுப் பேச்சுக்கு அதுவே அழைப்பு. காரணம் எழுதாதது வேண்டுமென்றேதான். சம்பளம் என்று எழுதினால் தொகை ஏறும், வேலைச்சுமை என்றால் குழு மாற்றித் தருவார்கள், பதவி என்றால் பதவி வரும். காரணம் எதுவானாலும் அது பேரத்தின் தொடக்கமாகிவிடுகிறது.

காரணம் சொல்லாமல் மறுப்பது இத்தனை வருஷம் வேலை கொடுத்தவர்களுக்குச் செய்யும் மரியாதைக் குறைவல்லவா என்று கேட்கலாம். நேரில் பேசும்போது இரண்டு வாக்கியம் மனதாரச் சொல்வதை யாரும் தடுக்கவில்லை. கோப்பில் நிற்கும் கடிதத்தில்தான் அது வேண்டாம். உண்மையான மரியாதை, ஒப்படைப்பை ஒழுங்காகச் செய்து முடிப்பதில் இருக்கிறது. இன்னொரு கேள்வி கனமானது: புதிய நிறுவனம் கடைசி நேரத்தில் கைவிட்டால்? அப்படி நடப்பதுண்டு. அதனால், மறுப்புக் கடிதத்தை அனுப்புமுன் கையில் இருக்க வேண்டியது சம்பளமும் சேரும் தேதியும் குறிப்பிட்ட, இரு தரப்பும் கையெழுத்திட்ட நியமனக் கடிதம். ரெக்ரூட்டரின் வாட்ஸ்அப் செய்தி அதற்கு ஈடாகாது. பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த உறுதி இல்லாவிட்டால் அதை முதலில் பெற வேண்டும். அதற்காகப் பழைய நிறுவனத்தை நாள்கணக்கில் காத்திருக்க வைக்கக் கூடாது.

மறுத்த பிறகு சில இடங்களில் தொனி மாறும். ரிலீவிங் லெட்டர் தர மாட்டோம், போட்டி நிறுவனத்தில் சேர விட மாட்டோம் என்பார்கள். வேலையை விட்டபின் இன்னோரிடத்தில் சேரக் கூடாது என்ற ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27இன்படி பொதுவாகச் செல்லாது. விரும்பாத ஒருவரைத் தனியார் வேலையில் தொடரும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. நிறுவனம் கேட்கக்கூடியது நோட்டீஸ் காலக் குறைவுக்கான பணத்தை. இதில் நியமனக் கடிதத்தின் ஒரு வரியை உன்னிப்பாகப் படிக்க வேண்டும்: பணம் கட்டி நோட்டீஸ் காலத்தைக் குறைப்பது ஊழியரின் உரிமை என்று இருக்கிறதா, நிறுவனத்தின் விருப்பம் என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால், முழு நாட்களும் வேலை செய்து கிளம்புவதே பாதுகாப்பு. ராஜினாமா மின்னஞ்சல், அதைப் பெற்றுக்கொண்டதற்கான பதில், மறுப்புக் கடிதம் இவற்றின் நகலை எடுத்து வைக்கலாம். வேறு எந்த அலுவலகக் கோப்பையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டாம், அது தகவல் திருட்டு என்ற புகாருக்கு வழி செய்யும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத்தொகுப்பு, விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தரச் சொல்கிறது. ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்டுக்கு 45 நாள் ஆகும் என்று ஹெச்.ஆர். சொன்னால், இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்கலாம். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் துறையில் புகார், வழக்கறிஞர் நோட்டீஸ் என்று படிப்படியாகப் போகலாம். இலவசச் சட்ட உதவிக்கான தேசிய எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி கிடைக்கும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதியாமல் விட்டாலும் கவலை வேண்டாம். விலகி இரண்டு மாதம் கழித்து ஊழியரே தன் யுஏஎன் கணக்கில் நுழைந்து அதைப் பதிந்துகொள்ளலாம்.